சங்கிலிச் சத்தம் எங்கிருந்து வந்தது?

சனிக்கிழமை காலை நிகழ்ச்சியில் "தோட்டத்துச் சொற்கள்" என்று ஒரு பகுதி வைத்திருந்தோம். தோட்டத்தில் மட்டும் கேட்ட சொற்களை நேயர்கள் சொல்ல வேண்டும். அழைப்புகள் மழையாகக் கொட்டின. ஒரு பாட்டி "பெரட்டு" என்றார். லாபு பக்கத்திலிருந்து ஒரு தம்பி "ஆயாக்கொட்டகை" என்றார். கிராணி, தண்டல், கங்காணி என்று வந்துகொண்டே இருந்தது. நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். என் பாட்டி இருபத்தைந்து வருடம் பால்மரம் சீவியவர். அதனால் அன்று எனக்கு வாயெல்லாம் பல்.

பத்து மணி செய்திக்குச் சற்று முன்பு ரந்தாவ் பக்கத் தோட்டத்திலிருந்து ஓர் அண்ணன் அழைத்தார்.

"தங்கச்சி, ஒரு சொல்லு இருக்கு. ரேடியோவுல சொல்லலாமான்னு தெரியல" என்று தயங்கினார். பிறகு சொன்னார். அவர் மகன் இடைநிலைப்பள்ளி முதலாம் படிவம். பந்து விளையாடும் இடத்தில் இன்னொரு பையன் அவனைக் "கெலிங்" என்று கூப்பிட்டிருக்கிறான். வீட்டுக்கு வந்து, "அப்பா, அப்படின்னா என்ன?" என்று கேட்டிருக்கிறான். இவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார். "நம்ம தாத்தாமாரைக் கப்பல்ல கால்ல சங்கிலி போட்டுக் கொண்டாந்தாங்க. இறங்கி நடக்கும்போது கிளிங் கிளிங்னு சத்தம் கேட்டுச்சு. அதைக் கேட்டுத்தான் அந்தப் பேரு வச்சாங்க."

"அதுக்கப்புறம் பையன் ரெண்டு நாளா சரியாப் பேசல, தங்கச்சி. நான் சொன்னது சரிதானே?" என்றார்.

"ஆமாண்ணே, நானும் அப்படித்தான் கேள்விப்பட்டிருக்கேன்" என்றேன். மணி பத்தாக அரை நிமிடம் இருந்தது. ஒரு பாட்டைப் போட்டுவிட்டேன்.

நிகழ்ச்சி முடிந்து கைப்பேசியைப் பார்த்தால் போர்ட்டிக்சனிலிருந்து ஒரு குரல் பதிவு. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். எங்கள் நிகழ்ச்சியை விடாமல் கேட்பவர், தவறு செய்தால் விடாமல் சொல்பவர். "என்னம்மா நீங்க! கைதிக் கப்பல் வந்தது எந்த வருஷம்? அந்தச் சொல்லு வந்தது எந்த வருஷம்? ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. ஊடகத்துறையில் பட்டம் வாங்கியபோது முதல் பாடமே "சொல்லுமுன் சரிபார்" என்பதுதான். அன்று அது எனக்கு நினைவில்லை. அடுத்த மூன்று மாலைகள் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததை எழுத வேண்டிய கடன் எனக்கு இருக்கிறது.

முதலில் அந்தக் கதை என்ன சொல்கிறது என்று தாளில் எழுதிக்கொண்டேன். இது சின்ன வேலை மாதிரித் தெரியும், ஆனால் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது. கதை சொல்வது இதுதான்: தமிழர்கள் சங்கிலியோடு இங்கே வந்தார்கள், சங்கிலியின் ஒலி அவர்களுக்குப் பெயரானது. அப்படியானால் சங்கிலி முதலில் வந்திருக்க வேண்டும், சொல் அதன் பிறகுதான் பிறந்திருக்க வேண்டும். கதை உண்மையா என்று பார்க்க இந்த வரிசை ஒன்றே போதும்.

சங்கிலி எப்போது வந்தது? அது கற்பனை இல்லை. ஆங்கிலேயக் கம்பெனி இந்தியக் கைதிகளைக் கடல் கடத்தியது உண்மை. 1786-இல் பினாங்கு கம்பெனி கைக்குப் போனது. அடுத்த பத்தாண்டில் அங்கே கைதிகள் வரத் தொடங்கிவிட்டார்கள். சிங்கப்பூருக்கு 1825-இல் வந்தார்கள். அவர்களில் பலர் காலில் விலங்கோடு ரோடு போட்டார்கள், கட்டடம் கட்டினார்கள். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் உழைப்பில் எழுந்ததுதான். 1873-இல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது. ரப்பர் தோட்டங்களுக்கு நம்மவர்கள் பெருங்கூட்டமாக வந்தது அதற்கும் பிறகு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்.

ஆகவே சங்கிலிக்கு எவ்வளவு தாராளமாக வயது கொடுத்தாலும், இந்த மண்ணில் அது 18-ஆம் நூற்றாண்டின் கடைசிக்கு முன்னால் போகாது. சொல் அதற்குப் பிறகு பிறந்திருந்தால் கதைக்கு வாய்ப்பு உண்டு. முன்னாலேயே இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

இனி சொல்லின் பிறந்தநாளைத் தேட வேண்டும். சிரம்பானிலிருந்து ஒரு மணி நேரம் காரில் போனால் மலாக்கா. அங்கே கம்போங் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. அது முதலில் மரத்தால் கட்டப்பட்டது 1748-இல். கைதிக் கப்பல் பினாங்குக்கு வருவதற்கு சுமார் 40 ஆண்டுகளுக்கு முன்பே மலாக்காவில் "கிளிங்"காரர்களுக்கு ஒரு தொழுகைக்கூடம் இருந்திருக்கிறது. பெயரைக் கட்டடத்துக்குப் பின்னால் வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இடத்தின் பெயரை மட்டும் நம்பக் கூடாது, எழுத்தில் பார்க்க வேண்டும்.

எழுத்தில் பின்னோக்கிப் போனால் செஜாரா மெலாயு வருகிறது. மலாக்கா சுல்தான்களின் வரலாற்றைச் சொல்லும் அந்த நூலில் "பெனுவா கெலிங்", அதாவது கெலிங் நாடு, வருகிறது. நூல் இன்றைய வடிவத்துக்குத் தொகுக்கப்பட்டது 1612-இல். ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நானும் முதலில் அதில் விழுந்தேன். நூல் சொல்லும் நிகழ்ச்சிகள் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, எழுதப்பட்டது 17-ஆம் நூற்றாண்டில், இன்று நம் கையில் இருக்கும் பிரதிகள் அதற்கும் பிந்தியவை. "15-ஆம் நூற்றாண்டிலேயே கெலிங் என்ற சொல் இருந்தது, செஜாரா மெலாயுவில் பாருங்கள்" என்று சொன்னால் அது தவறு. கதை நடந்த காலம் வேறு, அதை எழுதிய காலம் வேறு.

அந்தக் குழப்பம் இல்லாத சாட்சி ஒருவர் இருக்கிறார். பெயர் தொமே பிரேஸ். போர்த்துகீசிய மருந்து வணிகர். 1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்த அடுத்த ஆண்டே அங்கே வந்து கணக்கெழுதும் பொறுப்பில் இருந்தவர். 1512-க்கும் 1515-க்கும் இடையில் அவர் எழுதிய "சுமா ஓரியந்தால்" என்ற நூலில், மலாக்காவில் கண்ட வணிகர் கூட்டங்களில் ஒன்றாகக் "கெலின்"களைப் பற்றி எழுதுகிறார். அவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர்கள். கப்பல் வைத்திருந்தவர்கள், துணி விற்றவர்கள். அவர்களில் பெரிய புள்ளி நினா சாத்து என்பவர். போர்த்துகீசியர் ஆட்சியைப் பிடித்ததும் அவரைத்தான் பெண்டஹாராவாக, அதாவது தலைமை நிர்வாகியாக, வைத்தார்கள். கெலிங் என்று அன்று அழைக்கப்பட்டவர் காலில் விலங்கு இல்லை. துறைமுகமே அவர் சொல்லுக்குக் காத்திருந்தது.

1515-இல் எழுத்தில் இருக்கும் சொல்லுக்கு 1790-களின் சங்கிலி பெயர் வைத்திருக்க முடியாது. இடையில் 270 ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது.

இன்னும் பின்னால் போகலாமா? ஜாவாவில் ஐர்லங்கா என்ற அரசன் காலத்துச் சாசனம் ஒன்று 1021-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் வெளிநாட்டார் பட்டியல் ஒன்று இருக்கிறது. சிங்களர், சம்பா நாட்டார், கெமர் என்று போகும் அந்தப் பட்டியலில் "கிளிங்" என்பதும் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடித்துப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்த காலம் அது.

சரி, சங்கிலி இல்லை என்றால் வேறு எது? மூலம் கலிங்கம். இன்றைய ஒடிசாவும் ஆந்திராவின் வடபகுதியும் சேர்ந்த நாடு. அசோகர் போர் செய்த கலிங்கம், ஜெயங்கொண்டார் பரணி பாடிய கலிங்கம். ஆங்கிலேயர் காலத்து இந்தியச் சொற்களுக்கென்று 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் இந்தச் சொல்லைக் கலிங்கத்துக்குத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

ஆனால் ஒரு பழைய அகராதி சொல்லிவிட்டது என்பதற்காக நாம் நம்பிவிடக் கூடாது. சங்கிலிக் கதையைச் சோதித்த அதே தராசில் இதையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒலி பொருந்துகிறதா, பொருள் பொருந்துகிறதா என்று இரண்டு கேள்விகள்.

ஒலியைப் பார்ப்போம். "க" எப்படிக் "கெ" ஆனது? பதில் நாம் வாழும் மாநிலத்தின் பெயரிலேயே இருக்கிறது. நெகிரி செம்பிலானின் "நெகிரி" எது தெரியுமா? நகரி. வடமொழி நகரி மலாய் வாய்க்குள் போனபோது முதல் "அ" மங்கி, பாதி வாய் திறந்து சொல்லும் "எ" மாதிரி ஆகிவிட்டது. தலைக்கு மலாயில் "கெபாலா" என்கிறோம். அது கபாலம். அங்கேயும் அதே மாற்றம். நகரி நெகிரி ஆனதும், கபாலம் கெபாலா ஆனதும் எந்த வழியோ, அதே வழியில்தான் கலிங்க கெலிங் ஆகியிருக்கிறது. ஒரு சொல்லுக்கு மட்டும் தனி விதி வைத்தால் சந்தேகப்பட வேண்டும். இங்கே பல சொற்களுக்கு ஒரே விதி.

சங்கிலிக் கதையை இந்தத் தராசில் வைத்தால் என்ன ஆகும்? "கிளிங் கிளிங்" என்பது ஆங்கிலக் காமிக்ஸ் படித்த காதுக்குச் சங்கிலிச் சத்தம். மலாய்க்காரர் உலோகம் மோதும் ஒலியைக் "கெமெரிஞ்சிங்" என்பார். நாம் கலகல, சலசல என்போம். பெயர் வைத்ததாகச் சொல்லப்படும் மக்களின் மொழியில் அந்த ஒலிக்கு வேறு சொல் இருக்கும்போது, கதை யாருடைய காதால் கேட்டுச் சொல்லப்பட்டது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது பொருள். இங்கே ஒரு நல்ல எதிர்க்கேள்வி உண்டு. தலைமையாசிரியரிடமே கேட்டேன். "ஐயா, கலிங்கம் ஒடிசா பக்கம். நாம தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு. நமக்கு எப்படி அந்தப் பேரு?"

அவர் சிரித்தார். "உங்க தோட்டத்துல காவலுக்கு ஒரு பஞ்சாபிக்காரர் இருந்தாரா?"

"இருந்தார் ஐயா."

"அவரை என்னன்னு கூப்பிட்டீங்க?"

வங்காளி என்றுதான் கூப்பிட்டோம். மலாய்க்காரர்களும் "பெங்காலி" என்றுதான் சொன்னார்கள். பஞ்சாப் எங்கே, வங்காளம் எங்கே! அவர்கள் கப்பல் ஏறியது கல்கத்தாவில். ஏறிய துறைமுகத்தின் பெயர் ஆளுக்கு ஒட்டிக்கொண்டது. நம் முன்னோரும் சும்மா இல்லை. பிரான்ஸ் நாட்டின் பழைய குடிகளான ஃபிராங்க்குகளின் பெயர் அரபு, பாரசீகம் வழியாக வந்து "பறங்கி" ஆனது. அதைப் போர்த்துகீசியருக்கும் வைத்தோம், அவர்கள் கொண்டுவந்த காய்க்கும் வைத்தோம். முதலில் அறிமுகமான கரையின் பெயரை அந்தத் திசையிலிருந்து வரும் எல்லோருக்கும் வைப்பது மனித வழக்கம். கலிங்கத்துக் கப்பல்காரர்களுக்கு வைத்த பெயர் கிழக்குக்கரை முழுவதற்கும் பரவி, கடைசியில் அதிகமாக வந்துபோன தமிழர் மேல் நின்றுவிட்டது.

பரவிய பிறகு அது எவ்வளவு இயல்பான சொல்லாக இருந்தது என்பதற்கு முன்ஷி அப்துல்லாவைப் பார்க்கலாம். மலாக்காவில் பிறந்தவர், தமிழ் இரத்தமும் உள்ளவர். 1840-களில் எழுதிய தன் வரலாற்றில், சிறு வயதில் தமிழ் படிக்கப் போனதைச் சொல்லும்போது அதைக் கெலிங் மொழி என்கிறார். தன் குடும்பத்துக்குப் பழக்கமான மொழியை ஒருவர் வசைச்சொல்லால் எழுதமாட்டார்.

இதை எல்லாம் வீட்டில் உட்கார்ந்தே பார்க்க முடிகிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பழைய மலாய் நூல்களில் ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று தேட mcp.anu.edu.au என்ற தளம் இருக்கிறது. Keling என்று தட்டினால் எந்த நூல், எந்த வரி, நூலின் காலம் என்ன என்று வரிசையாகக் காட்டும். ஹாப்சன்-ஜாப்சனும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும் dsal.uchicago.edu தளத்தில் இலவசமாக உள்ளன. இந்த வட்டாரத்துப் பழைய ஆங்கில நாளிதழ்கள் eresources.nlb.gov.sg/newspapers என்ற சிங்கப்பூர் தேசிய நூலகத் தளத்தில் கிடைக்கின்றன.

தேடும்போது இரண்டு இடத்தில் கால் வழுக்கும். ஒன்று, எழுத்துக்கூட்டல். இந்தச் சொல் ஆங்கிலேயரிடம் Kling, மலாயில் Keling, போர்த்துகீசியரிடம் Quelin. ஒன்றை மட்டும் தேடிவிட்டு "பழைய காலத்தில் இல்லை" என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். இன்னொன்று, பழைய நாளிதழ்களை எழுத்தாக மாற்றியது இயந்திரம். மங்கிய அச்சில் King என்பதை Kling என்று படித்திருக்கும். தேடலில் வந்த எண்ணிக்கையை நம்பாமல், பக்கத்தின் படத்தைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும்.

இப்போது நம் வீட்டுச் சொல் ஒன்று. பாட்டி அடிக்கடி சொல்வார்: "வெள்ளைக்காரன் நம்மளக் குதிரை லாயத்துல வச்சான், அதான் லயம்னு பேரு." லயத்தில் பிறந்த எல்லோரும் இதைக் கேட்டிருப்பீர்கள். நீளமான ஒரே கூரை, பத்துப் பன்னிரண்டு கதவு, முன்னால் ஒரு சாக்கடை. குதிரைக் கொட்டில் மாதிரிதான் இருக்கும். லாயம் என்ற தமிழ்ச்சொல்லும் இருக்கிறது. கதை கச்சிதமாக உட்காருகிறது.

அதே தராசில் வைத்தேன். தோட்ட நிர்வாகத்தின் பழைய ஆங்கில எழுத்தில் இந்த வீடுகளுக்குப் பெயர் coolie lines. பழைய நாளிதழ்த் தளத்தில் அப்படியே தட்டிப் பாருங்கள், வேண்டிய அளவு வரும். லைன் என்றால் வரிசை. அது பட்டாளத்துச் சொல். சிப்பாய்கள் தங்கிய வரிசை வீடுகளுக்கு அந்தப் பெயர். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் சிப்பாய் லைன் என்ற இடப்பெயரே இருந்தது. இலங்கை மலையகத்தில் இன்னும் "லயன்" என்கிறார்கள். அங்கே அந்த "ன்" தேயாமல் நிற்கிறது. இங்கே லயன், லயம் இரண்டும் கேட்டவர்கள் நாம். லயன் தமிழ் வாயில் லயமாவது எளிது, லாயத்திலிருந்து லயன் வருவதற்கு வழி இல்லை.

அதோடு லைன் தனியாக வரவில்லை. அந்தப் பாட்டி சொன்ன "பெரட்டு" நினைவிருக்கிறதா? விடியற்காலையில் ஆள் கணக்கு எடுக்க வரிசையில் நிற்பது. அது ஆங்கிலப் பரேடு. பட்டாளத்திலிருந்து பரேடும் லைனும் ஒன்றாகத் தோட்டத்துக்குள் வந்திருக்கின்றன. ஒரு சொல்லின் மூலம் சரியா என்று தெரிய வேண்டுமானால் அதே இடத்தில் புழங்கும் மற்றச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்றும் பார்க்கலாம்.

எல்லா வழக்கும் இப்படித் தீர்ப்போடு முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். "கூலி"யை எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்குக் கொடுக்கும் ஊதியம் என்ற பொருளில் அது பழந்தமிழ். திருக்குறள் 619-இல் இருக்கிறது. ஆனால் ஆளைக் "கூலி" என்று அழைக்கும் ஆங்கில வழக்கம் தமிழிலிருந்து போனதா, குஜராத்தின் கோலி என்ற மக்களின் பெயரிலிருந்து போனதா, இரண்டும் வழியில் கலந்தனவா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. அந்த மாதிரி இடத்தில் "இது நம்ம சொல்லுதான்" என்று மேசையைத் தட்டுவதும் சங்கிலிக் கதை சொல்வதும் ஒரே தவறுதான்.

பாட்டியின் லாயக் கதையைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், அவர் சொல்லின் வரலாற்றைச் சொல்லவில்லை, வாழ்ந்த வீட்டின் நிலையைச் சொன்னார். சங்கிலிக் கதையும் அப்படித்தான். ஒப்பந்தக் கூலியாக வந்தவர் காலில் இரும்பு இல்லை. ஆனால் கப்பல் செலவும் முன்பணமும் அவர் பெயரில் கடனாக எழுதப்பட்டது. கடன் தீருமுன் தோட்டத்தை விட்டு ஓடினால் அன்றைய சட்டப்படி சிறைக்கு அனுப்பலாம். அந்த ஒப்பந்த முறை மலாயாவில் 1910-இல்தான் ஒழிந்தது. இது ஆவணத்தில் உள்ள உண்மை. இதைச் சொல்ல ஒரு சொல்லுக்குப் பொய்ப் பிறப்பு கொடுக்க வேண்டியதில்லை. பொய்யைச் சேர்த்தால், அதை ஒருவர் உடைக்கும்போது உண்மையையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்.

நான்காம் நாள் ரந்தாவ் அண்ணனுக்கு அழைத்தேன். தவறு என்னுடையது என்று முதலில் சொன்னேன். பிறகு கலிங்கம், மலாக்கா, நினா சாத்து, 1515 எல்லாம் சொன்னேன். ஒலிபெருக்கியில் போட்டிருந்தார் போலும். நடுவில் பையன் குரல் வந்தது.

"அக்கா, அப்போ அவன் என்னை அப்படிக் கூப்பிட்டது தப்பு இல்லையா?"

இதற்கு நான் தயாராகப் போகவில்லை. இந்தக் கேள்வியில்தான் பல பெரியவர்களும் வழுக்குகிறார்கள். "மூலம் நல்லதுதானே, வரலாற்றில் இருக்கிறதே, ஏன் கோபப்படுகிறீர்கள்?" என்று கேட்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஒரு சொல் எங்கே பிறந்தது என்பது ஒரு கேள்வி. இன்று அதை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் பழைய நூல்களில் கிடைக்கும். இரண்டாவதற்குப் பதில் அந்தப் பந்துத் திடலில்தான் கிடைக்கும். நம் தமிழிலேயே "நாற்றம்" ஒரு காலத்தில் நறுமணம். இன்று யாரையாவது பார்த்து "உன்னிடம் நாற்றம் வருகிறது" என்று சொல்லிவிட்டுப் பழைய பொருளில் சொன்னேன் என்றால் விடுவார்களா?

"தப்புதான் தம்பி" என்றேன். "உன்னை நோகடிக்கணும்னு சொன்னா தப்புதான். நீ ஆசிரியர்கிட்ட சொல்லு. ஆனா அந்தச் சொல்லுக்குச் சங்கிலி அர்த்தம் கிடையாது. அதை நீ சுமக்க வேணாம்."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு, "அந்த நினா சாத்துவுக்கு எத்தனை கப்பல் இருந்துச்சு அக்கா?" என்றான். எண்ணிக்கை தெரியாது, தேடிச் சொல்கிறேன் என்றேன். இந்த முறை தேடாமல் சொல்வதாக இல்லை.

வரும் சனிக்கிழமை நிகழ்ச்சியில் என் திருத்தத்தை வானொலியிலும் சொல்லப்போகிறேன். உங்கள் தோட்டத்திலும் இப்படி ஒரு சொல்லும் கதையும் இருக்கும். எழுதி அனுப்புங்கள். கதையை யாரிடம் கேட்டீர்கள், எந்தத் தோட்டம், ஏறக்குறைய எந்த வருடம் என்று மறக்காமல் சேர்த்து எழுதுங்கள். தலைமையாசிரியரும் நானும் காத்திருக்கிறோம்.